மூணாம் நாள் குறிப்பு எங்க போகும்? கேஸ் ஷீட்டை டிஸ்சார்ஜ் சம்மரியா மாத்துறதில் ஒரு குழப்பம்

நைட்_டூட்டி

மெடிசின் வார்டில் சி.ஆர்.ஆர்.ஐ.யா இருக்கேன். எங்க யூனிட்ல டிஸ்சார்ஜ் சம்மரிக்கு அஞ்சே தலைப்புதான்: வரலாறு, பரிசோதனை, கண்டறிந்தவை, மதிப்பீடு, திட்டம். கேஸ் ஷீட்டோ நாள்வாரியா போகுது. ரவுண்ட்ஸ்ல யார் எதைச் சொன்னாங்களோ அதே வரிசை. அதை இந்த அஞ்சுக்குள்ள பிரிச்சுப் போடும்போது சில வரிகள் எந்தப் பெட்டியிலும் உட்கார மாட்டேங்குது.

ஒரு கேஸைப் போடுறேன். அடையாளம் எதுவும் இல்ல, வயசும் எண்களும் கொஞ்சம் மாத்தியிருக்கேன். இங்கிலீஷ்ல இருந்ததைத் தமிழாக்கியிருக்கேன்.

> நாள் 1: 52 வயதுப் பெண். 7 நாளா காய்ச்சல், தலைவலி. 2 நாளா மூச்சு வாங்குது. வெளியில் டெங்கு பாசிட்டிவ். சர்க்கரை, பிபி உண்டு. மெட்ஃபார்மின், எனலாப்ரில். காய்ச்சல் 102.6, நாடி 118, பிபி 90/60, மூச்சு 26, ஆக்சிஜன் 94%. இரு நுரையீரல் அடியிலும் கிரெப்ஸ். பிளேட்லெட் 58,000, கிரியாட்டினின் 2.1. எக்ஸ்ரேயில் இருபக்கமும் கீழே மங்கல், நிமோனியாவா? சலைன் 1 லிட்டர், செஃப்ட்ரையாக்சோன். மெட்ஃபார்மின், எனலாப்ரில் நிறுத்து. பிளட் கல்ச்சர் அனுப்பியாச்சு.
>
> நாள் 2: பிபி 110/70. காய்ச்சல் 103. பிளேட்லெட் 49,000. மலேரியா ஸ்மியர் நெகட்டிவ்.
>
> நாள் 3: காய்ச்சல் விடல. 2 வாரம் முன்னாடி புதர் வெட்டப் போனதா சொல்றாங்க. இடது மார்புக்குக் கீழ கருப்புப் பொருக்கு, வலி இல்ல. ஸ்க்ரப் டைஃபஸ். டாக்ஸி 100 இருவேளை, 7 நாள். ஸ்க்ரப் ஐஜிஎம் அனுப்பு. டெங்கு ஐஜிஎம் நெகட்டிவ்.
>
> நாள் 5: காய்ச்சல் இல்ல. ஸ்க்ரப் ஐஜிஎம் பாசிட்டிவ். செஃப்ட்ரையாக்சோன் நிறுத்து. கிரியாட்டினின் 1.4.
>
> நாள் 7: நல்லா இருக்காங்க. பிபி 128/80. பிளேட்லெட் 1.42 லட்சம், கிரியாட்டினின் 1.1. டிஸ்சார்ஜ்.

முக்கியமா மூணாம் நாள்தான் இடிக்குது. புதர் வெட்டினது, அந்தக் கருப்புப் பொருக்கு அதாவது எஸ்கார், ரெண்டும் எங்க போகும்?

---

பிஜி_செகண்ட்_இயர்

இதுல குழம்ப என்ன இருக்கு தம்பி? சோப் நோட் மாதிரிதான். நோயாளி சொன்னது எல்லாம் வரலாறு, நாம பார்த்தது பரிசோதனை, லேப் எல்லாம் கண்டறிந்தவை, மீதி ரெண்டும் பேரிலேயே இருக்கு. புதர் வெட்டினது வரலாறு. எஸ்கார் பரிசோதனை. எஸ்கார் மூணாம் நாள் முளைக்கல, காய்ச்சலுக்கு முன்னாடியே வந்திருக்கும். அட்மிஷன் பரிசோதனையோட சேர்த்து எழுதிடு, படிக்கவும் சரளமா இருக்கும்.

---

பழைய_வார்டு

பிஜி சொன்னதில் பாதி சரி. புதர் வெட்டியது வரலாற்றுக்குத்தான் போகும். அந்த அம்மா அதை மூன்றாம் நாள் சொன்னார், ஆனால் நடந்தது அட்மிஷனுக்கு முன்பு. வரலாறு என்பது நடந்த காலத்தின் வரிசை, நமக்குத் தெரியவந்த வரிசை அல்ல. ஆகவே "காய்ச்சல் தொடங்குவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பு புதர் வெட்டும் வேலைக்குச் சென்றிருக்கிறார் (மூன்றாம் நாள் கேட்டறிந்தது)" என்று தயங்காமல் மேலே கொண்டுபோகலாம். கணக்கையும் கவனியுங்கள். மூன்றாம் நாளிலிருந்து இரண்டு வாரம் பின்னால் போனால் காய்ச்சல் வந்த நாளுக்கு ஐந்தாறு நாள் முன்பு வரும். "2 வாரம் முன்னாடி" என்பதை அப்படியே எடுத்து அட்மிஷன் வரலாற்றில் ஒட்டினால், அட்மிஷனுக்கு 2 வாரம் முன்பு என்று அர்த்தம் மாறிவிடும். வரி இடம் மாறும்போது "முன்னாடி" என்ற சொல் எந்த நாளிலிருந்து எண்ணப்பட்டதோ அந்த நாள் உதிர்ந்துவிடுகிறது.

எஸ்கார் அப்படி அல்ல. அது அட்மிஷனிலேயே இருந்திருக்கும் என்பது உண்மைதான், நோயின் இயல்பு அது. ஆனால் பரிசோதனை என்ற தலைப்பின் கீழ் எழுதுவது ஒருவர் ஒரு நாளில் கண்ணால் பார்த்ததை. முதல் நாள் யாரும் பார்க்கவில்லை. "மூன்றாம் நாள்: இடது மார்பின் கீழ் வலியற்ற கருநிறப் பொருக்கு" என்று நாளோடுதான் எழுத வேண்டும். அதை முதல் நாளுக்கு நகர்த்தினால், அடுத்து படிப்பவர் கேட்கும் முதல் கேள்வி: எஸ்காரைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் ஏன் டாக்ஸிசைக்ளின் கொடுக்கவில்லை?

சோப் பற்றி ஒரு வார்த்தை. லாரன்ஸ் வீட் 1968-இல் எழுதியதிலிருந்து பரவிய முறை அது. தினசரிக் குறிப்பை ஒவ்வொரு பிரச்சினைக்கும் தனித்தனியே எழுத உருவானது. ஒரு நாளுக்குள் காலக் குழப்பம் வராது. ஏழு நாளை ஒரே தாளில் மடிக்கும்போதுதான் வருகிறது.

---

பிஜி_செகண்ட்_இயர்

சார், மூணாம் நாள்னு எழுதினா சொந்தக்காரங்க "ரெண்டு நாள் பார்க்காம விட்டுட்டாங்க"ன்னு கிளம்ப மாட்டாங்களா? மெடிக்கோ லீகலா யோசிச்சுப் பாருங்க.

---

பழைய_வார்டு

யோசித்துத்தான் சொல்கிறேன். மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுங்குமுறை விதிப்படி நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைக் கொடுக்க வேண்டும். கேஸ் ஷீட்டில் மூன்றாம் நாள், சம்மரியில் முதல் நாள் என்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டால் தாமதம் பிரச்சினையாக இருக்காது. திருத்தம்தான் பிரச்சினையாக இருக்கும்.

இதன் மறுபக்கமும் உண்டு. சில மென்பொருள்களில் டெம்ப்ளேட் தானே "எஸ்கார் இல்லை, நெறிகட்டவில்லை, மஞ்சள் காமாலை இல்லை" என்று நிரப்பி வைத்திருக்கும். இந்தக் கேஸ் ஷீட்டில் முதல் நாள் தோலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பேசாமல் விட்டதை "இல்லை" என்று மாற்றக் கூடாது. "அட்மிஷனில் தோல் பரிசோதனை பதியப்படவில்லை" என்று எழுத மனம் வராவிட்டால், அந்த டெம்ப்ளேட் வரியை அழித்துவிட்டுப் போங்கள்.

---

ஸ்டாஃப்_செல்வி

தம்பி, அந்தப் பொருக்கை முதல்ல பார்த்தது யாருன்னு நர்சஸ் நோட்ஸைப் பாருங்க. எங்க வார்டில் பெரும்பாலும் ஸ்பாஞ்ச் பண்ணும்போதுதான் கண்ணில் படும். அக்குள், இடுப்பு மடிப்பு, மார்புக்கு அடியில், இப்படித் துணி விலக்காம தெரியாத இடத்திலதான் இருக்கும். பூச்சி கடிச்ச இடம் வலிக்காது, அதனால அவங்களாவும் சொல்ல மாட்டாங்க.

இன்னொண்ணு. டாக்ஸி "7 நாள்"னு கேஸ் ஷீட்ல இருக்கு. முதல் டோஸ் எப்ப போச்சுன்னு மருந்து சார்ட்டைப் பார்த்தீங்களா? காலையில் ரவுண்ட்ஸ்ல எழுதுவாங்க, மாத்திரை ஸ்டோர்ல இருந்து வந்து சேர ராத்திரி ஆகிடும்.

---

நைட்_டூட்டி

சிஸ்டர், இப்பதான் பார்த்தேன். மூணாம் நாள் ராத்திரி 9 மணிக்குத்தான் முதல் டோஸ். நர்சஸ் நோட்ஸ்ல அன்னைக்குக் காலை 6 மணிக்கே "இடது மார்புக்குக் கீழ் கருப்புப் புண், டூட்டி டாக்டரிடம் சொல்லப்பட்டது"ன்னு இருக்கு.

---

ஸ்டாஃப்_செல்வி

அப்போ கணக்கு போடுங்க. 7 நாளுக்கு 14 மாத்திரை. மூணாம் நாள் ராத்திரி ஒண்ணு, 4, 5, 6ல் ஆறு, ஏழாம் நாள் காலை ஒண்ணு. மொத்தம் எட்டு உள்ளே போயிருக்கு. இன்னும் ஆறு பாக்கி, பத்தாம் நாள் காலையோட முடியும். சம்மரியில் "டாக்ஸி 100 மி.கி. இருவேளை, 7 நாள்"னு காப்பி பண்ணீங்கன்னா பார்மஸில 14 மாத்திரை கொடுத்திருவாங்க, அந்த அம்மாவும் வீட்டுக்குப் போய் முதல்ல இருந்து ஆரம்பிப்பாங்க. "இன்னும் 6 மாத்திரை, இன்று இரவு முதல்"னு எழுதுங்க. நிறையத் தண்ணியோட முழுங்கணும், உடனே படுக்கக் கூடாதுன்னும் ஒரு வரி.

---

அப்பாவின்_மகன்

வணக்கம். நான் டாக்டர் இல்லை. தேடும்போது இந்த இழை கண்ணில் பட்டது. எங்கப்பா டிஸ்சார்ஜ் சம்மரியில் வரலாறு பகுதியில் "15 வருடமாகச் சர்க்கரை நோய்" என்று இருக்கிறது. உண்மையில் 5 வருடம்தான். இன்ஷூரன்ஸ்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டு க்ளைமை நிறுத்திவிட்டார்கள். இப்படி வரிசை மாற்றி எழுதும்போது அந்த வரியையும் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா?

---

ரெக்கார்ட்ஸ்_ரூம்

ஐயா, இவங்க பேசுறது வேற. உள்ளே இருக்கிற குறிப்பை எந்தத் தலைப்புல எழுதுறதுன்னுதான், உள்ளதை மாத்துறது இல்ல. உங்க விஷயத்துக்கு: சர்க்கரை கண்டுபிடிச்ச சமயத்து பழைய ப்ரிஸ்கிரிப்ஷன், முதல் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் ஏதாவது இருந்தா அதோட எழுத்து மூலமா ஆஸ்பத்திரிக்குக் கொடுங்க. பழைய தாளை எடுத்துட்டுப் புதுசு வைக்க மாட்டாங்க, வைக்கவும் கூடாது. சிகிச்சை கொடுத்த டாக்டர் ஒத்துக்கிட்டா தேதியும் கையெழுத்தும் போட்டுத் தனித் திருத்தக் குறிப்பு கொடுப்பார். அதை இன்ஷூரன்ஸ் ஏத்துக்குவாங்களான்னு என்னால சொல்ல முடியாது.

---

பழைய_வார்டு

அவர் கேட்டது வேறு என்றாலும் நமக்கு உதவுகிறது. அந்த 15 வருடம் யார் வாயிலிருந்து வந்தது? மயக்கத்தில் இருந்த நோயாளியா, கூட வந்த மருமகளா, பழைய சீட்டா? அது தெரியாததால்தான் இன்று அவரால் மறுக்க முடியவில்லை. வரலாற்றில் ஒவ்வொரு தகவலுக்கும் ஆள் வேண்டும்.

நைட்_டூட்டி, உங்கள் முதல் நாள் குறிப்பில் "வெளியில் டெங்கு பாசிட்டிவ்" என்று இருக்கிறது. அது எந்தப் பெட்டி?

---

நைட்_டூட்டி

லேப் ரிசல்ட்தானே சார், கண்டறிந்தவையில் போட்டிருந்தேன்.

---

பழைய_வார்டு

ரிப்போர்ட் கையில் இருக்கிறதா? என்ன டெஸ்ட், காய்ச்சலின் எத்தனையாவது நாள்?

---

நைட்_டூட்டி

ரிப்போர்ட் இல்ல. ரெஃபரல் சீட்டில் "டெங்கு +" மட்டும் இருக்கு.

---

பழைய_வார்டு

அப்படியென்றால் அது வரலாறு. "காய்ச்சலுக்கு வெளியில் பார்த்தபோது டெங்கு பாசிட்டிவ் என ரெஃபரல் சீட்டில் உள்ளது, சோதனை வகையும் நாளும் குறிப்பிடப்படவில்லை, ரிப்போர்ட் கிடைக்கவில்லை." கண்டறிந்தவையில் வருவது உங்கள் லேபில் செய்த டெங்கு ஐஜிஎம் நெகட்டிவ். அதையும் காய்ச்சலின் ஒன்பதாம் நாள் ரிசல்ட் என்று எழுதினால்தான் மதிப்பு. இரண்டாம் நாள் காய்ச்சலில் ஐஜிஎம் நெகட்டிவ் என்றால் அதற்கு அர்த்தமே இல்லை.

எக்ஸ்ரே வரியையும் பாருங்கள். "இருபக்கமும் கீழே மங்கல், நிமோனியாவா?" ஒரே வரி, இரண்டு பெட்டி. மங்கல் கண்டறிந்தவைக்கு. நிமோனியாவா என்ற கேள்வி மதிப்பீட்டுக்கு, அதுவும் முதல் நாளின் மதிப்பீடு. ஐந்தாம் நாள் செஃப்ட்ரையாக்சோனை நிறுத்தியபோதே யூனிட் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டது. ஆனால் கேஸ் ஷீட்டில் எங்கும் "நிமோனியா இல்லை" என்று இல்லை. அதை நீங்களாக எழுத வேண்டாம், சீஃபிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: நுரையீரல் பாதிப்பு ஸ்க்ரப் டைஃபஸால் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று.

---

ரெக்கார்ட்ஸ்_ரூம்

இதுக்கு நான் கையெடுத்துக் கும்பிடுறேன். முதல் நாள் கேள்விக்குறியை அப்படியே கடைசி வரை கொண்டுவந்து வச்சிருவாங்க: "காய்ச்சல், டெங்குவா? நிமோனியாவா? ஸ்க்ரப் டைஃபஸ்." நாங்க எதுக்குக் கோட் போடுறது? இறுதி நோய் ஸ்க்ரப் டைஃபஸ்னு ஒரு வரி தெளிவா இருந்தா A75.3 போட்டுட்டுப் போயிடுவேன். இல்லேன்னா ஃபைல் திரும்ப வார்டுக்குத்தான் வரும்.

---

யாழ்_ஹவுஸ்_ஒஃபிசர்

இஞ்ச எங்களுக்கும் இதே பிரச்சினைதான், பேர்தான் வேற. பெட் ஹெட் டிக்கெட்டில இருந்து டயக்னோசிஸ் கார்ட் எழுதிறது. மாரி காலத்தில ஸ்க்ரப் டைஃபஸ் நிறைய வரும். எனக்கொரு சந்தேகம்: மூண்டாம் நாள் மருந்து மாத்தினது, அதுக்குப் பிறகு காய்ச்சல் விட்டது எல்லாம் இந்த அஞ்சு தலைப்பில எங்க எழுதிறது? நாங்கள் "வார்டில் நடந்தது" எண்டு ஒரு பந்தி தனியா போடுறனாங்கள்.

---

பிஜி_செகண்ட்_இயர்

எங்க பழைய யூனிட்லயும் தனித் தலைப்பு உண்டு. அது இல்லாம எழுதவே முடியாது.

---

பழைய_வார்டு

தனித் தலைப்பு வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தத் தலைப்பு வந்ததும் எல்லாரும் கேஸ் ஷீட்டையே அங்கே மறுபடி எழுதிவிடுகிறார்கள், நாள் 1, நாள் 2 என்று. வைக்காவிட்டால் மதிப்பீட்டுக்குள் காரணத்தோடு சொல்ல வேண்டிவரும், நான் அதையே விரும்புவேன். இந்தக் கேஸுக்கு இப்படி எழுதுவேன்:

"ஸ்க்ரப் டைஃபஸ். இரு நுரையீரல், சிறுநீரகம், பிளேட்லெட் பாதிப்புடன். அட்மிஷனில் பாக்டீரியா தொற்று என்ற எண்ணத்தில் செஃப்ட்ரையாக்சோன் தொடங்கப்பட்டது, இரண்டு நாளாகியும் காய்ச்சல் குறையவில்லை. மூன்றாம் நாள் எஸ்கார் கண்டறியப்பட்டு அன்று இரவு டாக்ஸிசைக்ளின் தொடங்கப்பட்டது. ஐந்தாம் நாள் காய்ச்சல் இல்லை, அன்றே ஸ்க்ரப் ஐஜிஎம் பாசிட்டிவ் வந்தது. குறைந்த ரத்த அழுத்தம் முதல் லிட்டர் சலைனுக்குப் பின் சீரானது. கிரியாட்டினின் 2.1-இலிருந்து 1.1-க்கு இறங்கியது."

நுரையீரல் என்ற சொல் சீஃப் ஒப்புக்கொண்டால் மட்டும். கண்டறிந்தவையில் கிரியாட்டினினின் மூன்று மதிப்புகளையும் தேதியோடு ஒரே வரியில் வைத்துவிடுங்கள். பிளேட்லெட்டுக்கு மிகக் குறைந்த 49,000 அவசியம். முதலும் கடைசியும் மட்டும் போட்டால் அது மறைந்துவிடும்.

---

பிஜி_செகண்ட்_இயர்

இன்னொரு கேள்வி சார். 2023ல் நம்ம நாட்டு ட்ரையல் ஒண்ணு வந்துச்சே, தீவிர ஸ்க்ரப்புக்கு நரம்பு வழி டாக்ஸியோட அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுத்தா நல்லதுன்னு. இவங்களுக்கு பிபி 90, மூச்சு 26. அதைக் கொடுக்காதது ஏன்னு சம்மரியில் விளக்கணுமா?

---

பழைய_வார்டு

அது ரவுண்ட்ஸில் பேச வேண்டியது. மூன்றாம் நாள் அவர் எந்த நிலையில் இருந்தார் என்பது நமக்கு முழுதாகத் தெரியாது, பிபி அதற்குள் ஏறிவிட்டிருந்தது. கேஸ் ஷீட்டில் காரணம் எழுதப்பட்டிருந்தால் சம்மரிக்கு வரும். எழுதப்படாத காரணத்தைச் சம்மரி எழுதும் பையன் கற்பிக்கக் கூடாது.

---

ஊர்_கிளினிக்

தாலுகா ஊர்ல கிளினிக் வச்சிருக்கேன். இந்தத் தாளோட அந்த அம்மா வந்து நிக்கப் போறது என் முன்னாடிதான். நான் வரலாறைப் படிக்க மாட்டேன்ப்பா, கோவிச்சுக்காதீங்க. நேரா கடைசிக்குப் போவேன். அங்க பாதிப் பேர் எழுதுறது "மருந்துகளைத் தொடரவும், தேவைப்பட்டால் வரவும்."

இந்த கேஸ்ல எனக்கு வேண்டியது: மெட்ஃபார்மினும் எனலாப்ரிலும் முதல் நாள் நிறுத்தினீங்க. திரும்ப ஆரம்பிச்சீங்களா இல்லையா? கேஸ் ஷீட் முழுக்கப் படிச்சேன், அப்புறம் அதைப் பத்திப் பேச்சே இல்ல. வீட்ல பழைய டப்பாவில் ரெண்டும் இருக்கும். சொல்லாம விட்டா ஒருத்தர் ரெண்டையும் போடுவார், ஒருத்தர் ரெண்டையும் விடுவார். மூணு மாசம் கழிச்சு சர்க்கரை 400ல வந்து நிப்பாங்க.

---

நைட்_டூட்டி

ஆமா சார், வார்டில் இன்சுலின் போட்டாங்க. டிஸ்சார்ஜ் அன்னைக்கு என்ன பண்றதுன்னு எதுவும் எழுதல. நானே "மீண்டும் தொடங்கவும்"னு போடலாமா?

---

பழைய_வார்டு

கூடாது. மற்ற நான்கு தலைப்பும் உள்ளதை எடுத்து வைப்பது. திட்டம் மட்டும் புதிய முடிவு கேட்கும், அதை எடுக்க வேண்டியவர் சீஃப். கேள்வியைத் தயாராக வைத்துப் போங்கள்: கிரியாட்டினின் 1.1, மெட்ஃபார்மின் இன்றே தொடங்கலாமா? பிபி மருந்தில்லாமல் 128/80, எனலாப்ரிலை ஒரு வாரம் கழித்து கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா? என் வார்டாக இருந்தால் இரண்டுக்கும் ஆம் என்பேன், ஆனால் இது என் வார்டு அல்ல.

பிறகு பிளட் கல்ச்சர். முதல் நாள் அனுப்பியது, ரிசல்ட் எங்கே?

---

நைட்_டூட்டி

"48 மணி நேரத்தில் வளர்ச்சி இல்லை"ன்னு இடைக்கால ரிப்போர்ட் மட்டும் ஃபைல்ல இருக்கு.

---

பழைய_வார்டு

அதை அப்படியே எழுதுங்கள். "கல்ச்சர் நெகட்டிவ்" என்று சுருக்காதீர்கள். மைக்ரோபயாலஜிக்குப் போன் செய்தால் இறுதி ரிப்போர்ட் இந்நேரம் வந்திருக்கும்.

---

ஊர்_கிளினிக்

ஒரு யோசனை. திட்டத்தை மேல தூக்கி முதல் தலைப்பா வச்சா என்ன? அஞ்சையும் அதே வரிசையில் எழுதணும்னு சட்டமா?

---

பிஜி_செகண்ட்_இயர்

அப்படி வச்சா காரணம் தெரியாம மருந்து மட்டும் தெரியும். எனக்கு ஒப்புதல் இல்ல.

---

ஊர்_கிளினிக்

காரணம் வேணும்னா கீழ படிச்சுக்குவேன். வெளியில நாப்பது பேர் உட்கார்ந்திருக்காங்க.

---

நைட்_டூட்டி

சீஃபைப் பார்த்தேன். மெட்ஃபார்மின் இன்னிக்கே ஆரம்பிக்கச் சொன்னார். எனலாப்ரில் நிறுத்தியே இருக்கட்டும், ஒரு வாரத்தில் ரத்தப் பரிசோதனையோட ஓ.பி.க்கு வரட்டும்னார். நுரையீரல் பாதிப்பு ஸ்க்ரப்பால்னு எழுதச் சொல்லிட்டார். வார்டில் நடந்ததுக்குத் தனித் தலைப்பு வேண்டாம்னு சொல்லிட்டார், காரணம் சொல்லல. திட்டத்தை மேல வைக்கிறது பத்தி கேட்டேன், சிரிச்சார்.

திட்டப் பகுதி இப்ப இப்படி:

> டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. காலை, இரவு. இன்னும் 6 மாத்திரை, இன்று இரவு முதல். நிறையத் தண்ணீருடன், விழுங்கியதும் படுக்கக் கூடாது. மெட்ஃபார்மின் 500 மி.கி. இருவேளை, இன்று மீண்டும் தொடக்கம். எனலாப்ரில் நிறுத்தப்பட்டுள்ளது, வீட்டில் இருந்தாலும் எடுக்கக் கூடாது. ஒரு வாரத்தில் கிரியாட்டினின், பொட்டாசியம், பிளேட்லெட், பிபி பார்த்து எனலாப்ரில் பற்றி முடிவு. பிளட் கல்ச்சர் இறுதி ரிப்போர்ட் பார்க்கப்பட வேண்டும். மீண்டும் காய்ச்சல், மூச்சுத் திணறல், சிறுநீர் குறைதல் இருந்தால் அன்றே வரவும்.

---

ஸ்டாஃப்_செல்வி

நல்லா இருக்கு தம்பி. "பார்க்கப்பட வேண்டும்"னா யார் பார்க்கிறது? அந்த அம்மாவா? லேபுக்குப் போன் போட்டு வாங்கி எழுதிட்டு அனுப்புங்க, ஆம்புலன்ஸ் ஒண்ணும் வாசல்ல நிக்கல. பில்லிங் முடிய எப்படியும் சாயங்காலம் ஆகும்.

---

நைட்_டூட்டி

போட்டுட்டே இருக்கேன் சிஸ்டர், லைன் பிஸி. நேர்லயே போறேன்.